ஆறு வேளை சாப்பிட்டா மெட்டபாலிசம் கூடுமா? அந்தக் கணக்கு எங்க இடிக்குது

ஜிம்ல சேர்ந்த புதுசுல டிரெய்னர் ஒரு தாள்ல ஆறு நேரம் எழுதிக் கொடுத்தார். ஏழு, பத்து, ஒண்ணு, நாலு, ஏழு, ஒன்பதரை. "மூணு மணி நேரத்துக்கு மேல வயித்தைக் காலியா விடாதீங்க சார், மெட்டபாலிசம் படுத்துரும், அடுப்பு அணையாம விறகு போட்டுக்கிட்டே இருக்கணும்"னு சொன்னார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஆறு சின்ன டப்பா வாங்கினேன், போன்ல ஆறு அலாரம் வச்சேன், மீட்டிங் நடுவுல எல்லாம் டப்பாவைத் திறந்து தின்னேன், நாலு மாசம் கழிச்சு ஏறி நின்னு பார்த்தா ரெண்டு கிலோ கூடியிருக்கு. டிரெய்னரைக் கேட்டா "மசில் சார்"னார். பேண்ட் இடுப்புல ஏற மாட்டேங்குது, மசில் எப்படி அங்க மட்டும் போய் உட்கார்ந்துச்சுன்னு தெரியல.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிச்சேன். இங்க எல்லாத்தையும் சொல்லப் போறதில்ல, ஒரே ஒரு கேள்விதான்: ஒரே அளவு சாப்பாட்டை மூணா பிரிக்காம ஆறா பிரிச்சா உடம்பு கூடுதலா கலோரி எரிக்குமா. இதுக்கு ஆம் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம்தான், ஆனா இந்த நம்பிக்கை எந்த உண்மையிலிருந்து பிறந்து எந்த இடத்துல தடம் மாறுச்சுன்னு பார்க்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. ஏன்னா டிரெய்னர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்ல, பாதி உண்மை.

அந்தப் பாதி என்னன்னா, சாப்பிட்ட உடனே உடம்பு எரிக்கிற அளவு நெஜமாவே கூடும். சாப்பாட்டை அரைக்கணும், செரிக்கணும், குடல்லேர்ந்து ரத்தத்துக்கு இழுக்கணும், கல்லீரல்ல மாத்தணும், சேமிக்கணும், இதுக்கெல்லாம் செலவு இருக்கு. இதை உணவோட வெப்ப விளைவுன்னு சொல்லலாம். வயிறு நிறைய சாப்பிட்டதும் லேசா வேர்க்குதே, அதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு. கலந்த சாப்பாடா இருந்தா நீங்க சாப்பிட்ட கலோரில ஏறத்தாழ பத்துல ஒரு பங்கு இப்படிப் போயிடும். புரோட்டீன்னா 20லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் போகும், மாவுச்சத்துன்னா 5லேர்ந்து 10, கொழுப்புன்னா 3 சதவீதத்தைத் தாண்டாது.

இதுலேர்ந்து ஒரு லாஜிக் தானா வரும்: ஒவ்வொரு தடவை சாப்பிடும்போதும் எரியிறது கூடுதுன்னா, ஆறு தடவை சாப்பிட்டா ஆறு தடவை கூடுமே. கேட்க அழகா இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடுதுன்னு ஒருத்தரும் கேட்கல பாருங்க, அங்கதான் இடிக்குது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுறார்னு வச்சுக்குங்க. மூணு வேளைன்னா வேளைக்கு 600, அதுல பத்துல ஒண்ணு 60, மூணு தடவை, மொத்தம் 180. ஆறு வேளைன்னா வேளைக்கு 300, பத்துல ஒண்ணு 30, ஆறு தடவை, மொத்தம் அதே 180. செரிக்கிற செலவு எத்தனை தடவை வாயைத் திறந்தோம்ங்கிறதை வச்சு வர்றதில்ல, உள்ள என்ன போச்சு எவ்வளவு போச்சுங்கிறதை வச்சு வருது. விறகு உதாரணத்தையே எடுத்துக்கிட்டாலும் அதான் கதை, ஒரு கட்டு விறகை மொத்தமா போட்டா ஒரு தடவை பெருசா எரியும், குச்சி குச்சியா போட்டா நாள் பூரா சின்னதா எரியும், ஆனா கட்டுல இருக்கிறது அதே விறகுதானே, கடைசில வர்ற சூடு ஒண்ணுதான்.

அதோட இன்னொண்ணு, அடுப்பு அணையுற பேச்சே இங்க பொருந்தாது. ஒரு நாள்ல நாம எரிக்கிறதுல பெரும்பங்கு, சும்மா படுத்திருந்தாலும் போற செலவு. மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் நாலும் சேர்ந்து உடம்பு எடையில 5, 6 சதவீதம்தான் இருக்கும், ஆனா ஓய்வு நேரச் செலவுல பாதிக்கு மேல அதுங்கதான் தின்னுது. டப்பா திறக்க லேட்டாச்சுன்னு இதயம் வேலையைக் குறைச்சுக்கப் போறதில்ல.

சரி, இது காகிதத்துல போட்ட கணக்கு, உடம்பு காகிதத்தைப் படிச்சுட்டா நடக்குது, அளந்து பார்த்தாங்களான்னு நீங்க கேட்கலாம். அளந்தாங்க. அளந்த விதத்துல ஆரம்பத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, அதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கிக்கிட்டு சண்டை போடுறதுக்குக் காரணம் இந்த ஓட்டைதான்.

வெப்ப விளைவை அளக்க ஆளைப் படுக்க வச்சு, தலைக்கு மேல ஒரு கண்ணாடி மூடி மாதிரி போட்டு, எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறார் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுறார்னு பார்ப்பாங்க. அசையக் கூடாது, தூங்கக் கூடாது, அதனால ரொம்ப நேரம் யாராலயும் படுத்திருக்க முடியாது. நிறைய பேர் மூணு மணி நேரத்தோட நிறுத்திட்டாங்க. ஆனா செரிமானம் மூணு மணி நேரத்துல முடியறதில்ல. ரீட், ஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1996ல இப்படிப் பல சோதனைகளைச் சேர்த்து வச்சுப் பார்த்தப்போ அந்த விளைவு ஆறு மணி நேரத்துக்கு மேலயும் நீளுது, மூணாவது மணி நேரத்துல நிறுத்தினா 60 சதவீதம்தான் கண்ணுல படும், நாலாவது மணில 78, அஞ்சாவது மணில 91.

இப்போ இதை நம்ம 600, 300க்குப் பொருத்துங்க. 600 கலோரி சாப்பாட்டோட மொத்த விளைவு 60, மூணு மணி நேரத்துல நிறுத்தினா 36தான் பதிவாகும். சின்ன சாப்பாடு சீக்கிரம் முடியும், அதனால அதே மூணு மணி நேரத்துல, ஒரு பேச்சுக்கு, 80 சதவீதம் பதிவாகுதுன்னு வைங்க, 30ல 24. ரெண்டு சின்ன சாப்பாடு சேர்ந்தா 48. ஆக 600 கலோரியை ஒண்ணா சாப்பிட்டா 36, ரெண்டா பிரிச்சா 48னு பேப்பர்ல வரும், "பார்த்தீங்களா, பிரிச்சா கூடுது"ன்னு சொல்லிடலாம். உண்மையில ரெண்டும் 60தான், பெரிய சாப்பாட்டோட வாலை வெட்டிட்டு அளந்ததால வந்த வித்தியாசம் அது.

எதிர்ப்பக்கமும் ஆய்வு இருக்கு. 1991ல ஒரு குழு ஏழு பெண்களுக்கு 750 கலோரி உணவை ஒரு நாள் ஒரே தடவையாவும் இன்னொரு நாள் ஆறு பங்கா அரை மணிக்கு ஒண்ணாவும் கொடுத்து அஞ்சு மணி நேரம் அளந்துச்சு. ஒரே தடவையா சாப்பிட்டப்போதான் விளைவு கூடுதலா வந்துச்சு! அங்கயும் வால் பிரச்சனை இருக்க வாய்ப்பிருக்கு, கவனிங்க, ஆறாவது பங்கு உள்ள போனதே ரெண்டரை மணி நேரம் கழிச்சுதான், அதோட செரிமானத்துக்கு மிச்சம் இருந்தது ரெண்டரை மணி நேரம். ஆக ஒரு பக்கம் பெருசோட வாலை வெட்டினாங்க, இந்தப் பக்கம் சிறுசோட வாலை வெட்டினாங்க. எப்போ நிறுத்துறோம்ங்கிறதை வச்சு ஜெயிக்கிறவன் மாறுறான்னா அந்தப் போட்டியே சரியில்லன்னு அர்த்தம்.

இதுக்குத் தீர்வு, வாலையும் சேர்த்து முழு 24 மணி நேரமும் அளக்கிறது. அதுக்குன்னு ஒரு ரூமே இருக்கு. ஹாஸ்டல் ரூம் சைஸ்ல ஒரு காத்துப் புகாத அறை, உள்ள கட்டில், மேஜை, கழிப்பறை, டிவி, சில இடங்கள்ல ஒரு எக்ஸர்சைஸ் சைக்கிள். சாப்பாடு சுவத்துல இருக்கிற ரெட்டைக் கதவு பொட்டி வழியாத்தான் உள்ள போகும், வெளிக்கதவை மூடினாத்தான் உள்கதவைத் திறக்கலாம். அறைக்குள்ள போற காத்து, வெளிய வர்ற காத்து ரெண்டையும் விடாம அளந்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைஞ்சது கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறுச்சுன்னு பார்த்து ஆள் எரிச்ச கலோரியைக் கணக்கு பண்ணுவாங்க. அறை ஒழுங்கா அளக்குதான்னு பார்க்க உள்ள அளந்து வச்ச புரொபேன் வாயுவையோ ஆல்கஹாலையோ எரிச்சு, வரவேண்டிய நம்பர் வருதான்னு சரிபார்ப்பாங்க. நல்ல அறைகள்ல ஓரிரு சதவீதத்துக்குள்ள பிழை நிக்கும்.

நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் நகரத்துல 1991லயே இப்படி ஒரு அறைல ஒரே அளவு சாப்பாட்டை ரெண்டு வேளையா ஒரு தடவை, ஏழு வேளையா ஒரு தடவை கொடுத்துப் பார்த்தாங்க, 24 மணி நேரச் செலவுல வித்தியாசம் இல்ல. நம்ம கேள்விக்கு அப்படியே பொருந்துறது 2013ல அமெரிக்காவுல கொலராடோல நடந்தது. அங்க 15 பேர், ஒல்லியான ஆட்கள், ஆண்களும் பெண்களும். ஒவ்வொருத்தரும் மூணு வேளை முறையிலயும் ஆறு வேளை முறையிலயும் இருந்து பார்த்தாங்க, ரெண்டுலயும் மொத்த கலோரி ஒண்ணு, சாப்பாட்டுக் கலவை ஒண்ணு. ஒரே ஆளையே ரெண்டு விதமாவும் பார்க்கிறதால "அவன் உடம்பு வாகு வேற"ங்கிற சாக்கு இங்க நிக்காது.

ரிசல்ட் என்னன்னா 24 மணி நேரத்துல எரிஞ்ச மொத்தம் ரெண்டு முறையிலயும் 2,000 கலோரிக்குச் சொச்சம், புள்ளிவிவரப்படி ஒரு வித்தியாசமும் இல்ல. கொழுப்பு எவ்வளவு எரிஞ்சதுன்னு தனியா பார்த்தாங்க, ரெண்டுலயும் 80 கிராம் வாக்குல. சரி விடுங்க, எரியிறது சமம், இதுல ஆச்சரியம் இல்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற ஒரு வரி. பசி எப்படி இருக்கு, இன்னும் சாப்பிடணும் போல இருக்கான்னு நாள் பூரா கேட்டுக் குறிச்சிருக்காங்க, ஆறு வேளை சாப்பிட்ட நாள்லதான் பசி கூடுதல், சாப்பிடணும்ங்கிற எண்ணமும் கூடுதல். எனக்கு அந்த நாலு மாசமும் டப்பாவை மூடும்போது இருந்த உணர்வு இதுதான், சாப்பிட்டு முடிச்ச திருப்தியே வராது, வாய் கேட்டுக்கிட்டே இருக்கும், அடுத்த அலாரத்துக்கு மணியைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லன்னு நினைச்சிருந்தேன்.

இந்த ஆய்வுக்கும் எல்லை இருக்கு, மறைக்க வேண்டாம். 15 பேர்தான், எல்லாரும் ஒல்லி. அறையோட பிழையே ஓரிரு சதவீதம்னா 2,000 கலோரில அது 20லேர்ந்து 40. அதனால பத்து, இருபது கலோரி வித்தியாசம் நெஜமாவே இருந்தாலும் இந்தக் கருவிக்குத் தெரியாமப் போகலாம். ஆனா இருபது கலோரின்னா என்ன, ஒரு வாழைப்பழத்துல அஞ்சுல ஒரு பங்கு. அந்த அளவுக்கு இருக்குதோ இல்லையோங்கிற ஒரு விஷயத்துக்கு அலாரம் வச்சு ஆறு தடவை சாப்பிடணுமா?

அப்போ முதல்ல யாருக்கு இந்த யோசனை வந்துச்சு? 1964ல பிராக் நகரத்துலேர்ந்து ஃபாப்ரினு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் லான்செட் இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. 60லேர்ந்து 64 வயசுக்குள்ள இருக்கிற 379 ஆண்கள். அடிக்கடி சாப்பிடுறவங்கள்ல அதிக எடை உள்ளவங்க குறைவு, கொலஸ்ட்ராலும் குறைவு, கம்மித் தடவை சாப்பிடுறவங்ககிட்ட ரெண்டும் அதிகம்னு வந்துச்சு. இதைப் படிச்சா யாருக்கும் "அடிக்கடி சாப்பிட்டா இளைக்கலாம்"னுதான் தோணும். ஆனா அவங்க யாருக்கும் சாப்பாட்டு முறையை மாத்திக் கொடுத்துப் பார்க்கல, இருக்கிறதை இருக்கிறபடி கேட்டுக் குறிச்சாங்க, அவ்வளவுதான்.

அப்படிக் கேட்டுக் குறிக்கும்போது ரெண்டு விஷயம் உள்ள புகுந்துரும். எடை கூடினவங்கதான் முதல்ல வேளையைக் குறைப்பாங்க, காலைல சாப்பிடாம விடுவாங்க, அதாவது வேளை குறைஞ்சதால எடை ஏறல, எடை ஏறினதால வேளை குறைஞ்சது. ரெண்டாவது, நடுவுல கொறிக்கிறதை யாரும் ஒரு வேளையா சொல்றதில்ல, எடை கூடினவங்க இன்னும் கொஞ்சம் கம்மியா சொல்வாங்க. இது யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல, 1992ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு இருக்கு, "நான் கம்மியாத்தான் சாப்பிடுறேன், எடை இறங்கவே மாட்டேங்குது"ன்னு சொன்ன பத்துப் பேரை எடுத்து, அடையாளம் போட்ட ஒரு வகைத் தண்ணியைக் குடிக்க வச்சு அவங்க உடம்பு நெஜமா எவ்வளவு எரிக்குதுன்னு அளந்தாங்க. எரியிறது நார்மலாத்தான் இருந்துச்சு, சாப்பிட்டதை சராசரியா 47 சதவீதம் குறைச்சு சொல்லியிருந்தாங்க. பாதிக்குப் பாதி! பொய் சொல்லணும்னு சொல்லல, கணக்கு அப்படித்தான் நழுவும். 1997ல பெலீல், மெக்டெவிட், பிரென்டிஸ்னு மூணு பேர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, அந்த "அடிக்கடி சாப்பிடுறவன் ஒல்லி" தொடர்பே இந்த மாதிரிக் கோளாறுகளால வந்ததா இருக்கலாம், மொத்தச் செலவுல வித்தியாசம் காட்டுற ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. அதெல்லாம் நடந்து கால் நூற்றாண்டு தாண்டியாச்சு, தாள் மட்டும் இன்னும் ஜிம்முக்கு ஜிம் ஜெராக்ஸ் ஆகிக்கிட்டே இருக்கு.

"படுத்துரும்"ங்கிற பயத்துக்கு வருவோம். சில மணி நேரம் சாப்பிடலன்னா உடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நினைச்சு எரிக்கிறதைக் குறைச்சுக்கும்னு சொல்வாங்க. 2000ல ஆஸ்திரியாவுல ஆரோக்கியமான 11 பேரை 84 மணி நேரம், அதாவது மூன்றரை நாள், சாப்பாடு இல்லாம வச்சு தினமும் ஓய்வு நேரச் செலவை அளந்தாங்க. அது குறையல, மூணாவது நாள் முதல் நாளைவிடக் கூடுதலா இருந்துச்சு, உடம்பை உசுப்பி விடுற நார்அட்ரினலின்ங்கிற ஹார்மோனும் ரத்தத்துல ஏறியிருந்துச்சு. யோசிச்சா ஞாயம்தான், இரை கிடைக்காத மிருகம் சோர்ந்து படுத்தா செத்துரும், அலைஞ்சு தேடணும். (உடனே மூணு நாள் பட்டினி கிடக்கச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, நான் சொல்றது பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவுல ஒண்ணும் படுக்கப் போறதில்லங்கிறதை மட்டும்.)

மெட்டபாலிசம் குறையிறது உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அது மணிக்கணக்குல வர்றதில்ல, வாரக்கணக்கா, மாசக்கணக்கா மொத்தச் சாப்பாடு கம்மியா போகும்போது வருது. 1944, 45ல மினசோட்டாவுல 36 பேரை வச்சு நடந்த அரைப்பட்டினி சோதனைல அதை நல்லாப் பார்த்தாங்க, ஆறு மாசம் நாளுக்கு 1,600 கலோரிக்குப் பக்கத்துல கொடுத்ததுல ஆட்கள் எலும்பும் தோலுமா ஆனாங்க, ஓய்வு நேரச் செலவும் பெரிய அளவுல இறங்குச்சு. உடம்பு சின்னதானதும் ஒரு காரணம், மிச்சம் இருக்கிற திசுவும் சிக்கனமானது இன்னொரு காரணம். அங்க தட்டுல இருந்தது கம்மி, அதான் விஷயம், தட்டை எத்தனையா பிரிச்சாங்கங்கிறது இல்ல.

சரி மெட்டபாலிசத்தை விடுங்க, எடையாவது இறங்குமா? 2010ல கனடாவுல அதிக எடை உள்ள 16 பேரை ரெண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மூணு வேளை, இன்னொரு குழுவுக்கு மூணு வேளையோட மூணு சின்னத் தீனி, ரெண்டு பேருக்கும் தேவையைவிட நாளுக்கு 700 கலோரி கம்மின்னு எட்டு வாரம் வச்சாங்க. ரெண்டு குழுவும் தங்கள் எடைல ஏறக்குறைய 5 சதவீதம் இறக்கினாங்க, ஒருத்தரை ஒருத்தர் முந்தல. பிராக்ல 2014ல சர்க்கரை நோய் இருக்கிற 54 பேரை வச்சு நடந்ததுல ஆறு சின்ன வேளைக்கு 2.3 கிலோவும், காலை மதியம் ரெண்டே பெரிய வேளைக்கு 3.7 கிலோவும் இறங்குச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டு "ரெண்டு வேளைதான் பெஸ்ட்"னு கிளம்ப வேண்டாம், அதுல ராத்திரி சாப்பாடே கிடையாது, ஜெயிச்சது வேளைக் கணக்கா நேரமான்னு பிரிக்க முடியாது.

இனி என் டப்பாக்களுக்கு வர்றேன், ரெண்டு கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னு. ஒரு கிச்சன் தராசு வாங்கி ஒரு வாரம் என் வழக்கப்படியே டப்பாவை நிரப்பி நிறுத்துப் பார்த்தேன். நாலு மணி டப்பால "ஒரு கைப்பிடி பாதாம்"னு தாள்ல இருக்கும், 30 கிராம், 170லேர்ந்து 180 கலோரி. என் கைப்பிடி 52 கிராம் காட்டுச்சு, 300 கலோரி. ஒரே டப்பால 120க்கு மேல எகிறியிருக்கு. மத்த டப்பாக்கள் அவ்வளவு மோசமில்ல, 30, 40னு கூடுதல். ஆனா ஆறு டப்பா இல்லையா, எல்லாம் சேர்ந்து நாளுக்கு 250க்கு மேல போச்சு. சின்ன சாப்பாடா இருக்கிறதுல இது ஒரு சிக்கல், 600 கலோரித் தட்டுல 40 கூடினா பெருசா இல்ல, 300 கலோரி டப்பால 40 கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனா நாளுக்கு ஆறு தடவை நடக்கும். சும்மா திறக்கிற ஒவ்வொரு தடவையும் தப்புக்கு ஒரு வாய்ப்பு. "சின்னதுதானே"ங்கிற நெனப்பு வேற கையை தாராளமாக்கிடும்.

செரிக்கிற செலவைக் கூட்டியே ஆகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு ஒரே வழி வேளையை மாத்துறது இல்ல, கலவையை மாத்துறது. 1,800 கலோரிக்குள்ளயே மாவுச்சத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு 60 கிராம் புரோட்டீன் கூட்டினா, அந்த 240 கலோரிக்கு செரிமானச் செலவு 18லேர்ந்து 60 வாக்குல போகும். லாபம் நாளுக்கு 40 கலோரி சொச்சம். அதுவும் கொஞ்சம்தான், ஆனா ஜீரோவைவிட மேல், கூடவே பசியும் நல்லா அடங்கும். சிறுநீரகப் பிரச்சனை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதைச் செய்யக் கூடாது.

அடிக்கடி சாப்பிடுறதுக்கு ஒரு நல்ல பேரும் இருக்கு, அதை விட்டா ஒருதலைப்பட்சம் ஆயிடும். 1989ல டொராண்டோல ஜென்கின்ஸ்னு ஒருத்தர் குழு ஏழு ஆண்களுக்கு ஒரே சாப்பாட்டை ரெண்டு வாரம் மூணு வேளையாவும் ரெண்டு வாரம் 17 துணுக்காவும் கொடுத்தப்போ, 17 துணுக்குல கெட்ட கொலஸ்ட்ரால் 13.5 சதவீதம் இறங்குச்சு, இன்சுலினும் இறங்குச்சு. ஆனா 17 தடவை அளந்து சாப்பிடுற வாழ்க்கை ஒரு வாழ்க்கையா, அது ஆய்வகத்துல நடக்கும்.

அதேபோல சிலருக்கு சின்னச் சின்ன வேளைதான் சரி, அதுக்குக் காரணம் மெட்டபாலிசம் இல்ல. வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணவங்களுக்கு ஒரே நேரத்துல அதிகம் போனா வாந்தி, மயக்கம், படபடப்பு வரும். இரைப்பை மெதுவா காலியாகுற நோய் உள்ளவங்க, நெஞ்செரிச்சல் பலமா இருக்கிறவங்க, கர்ப்பத்துல குமட்டல் உள்ளவங்க, இவங்களுக்கும் பெரிய தட்டு ஒத்துக்காது. சர்க்கரைக்கு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கிற சில வகை மாத்திரையோ எடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நடு வேளையைத் தூக்கிட்டா சர்க்கரை திடீர்னு கீழ போயிடலாம், வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும், அதனால அவங்க முதல்ல டாக்டர்கிட்ட மருந்து அளவைப் பேசிட்டுத்தான் வேளையை மாத்தணும். அப்புறம் நாளுக்கு 3,500, 4,000 கலோரி தேவைப்படுற விளையாட்டு வீரன், அவனால மூணு வேளைல அதை உள்ள தள்ளவே முடியாது.

மத்தவங்களுக்கு எது ஒத்துவரும்னு தெரிஞ்சுக்க ஒரு மாசம் போதும். ரெண்டு வாரம் மூணு வேளை, ரெண்டு வாரம் ஆறு வேளை, மொத்த அளவு ஒண்ணா இருக்கணும், அதுக்குத் தராசுல நிறுத்து வைங்க. தினமும் காலைல கழிப்பறை போயிட்டு வந்ததும் எடை பாருங்க, ஆனா அன்னன்னைக்கு வர்ற நம்பரை நம்பாதீங்க, உப்புக்கும் தண்ணிக்கும் ஒரு கிலோ வரைக்கும் ஏறி இறங்கும், வாரத்தோட சராசரியைப் பாருங்க. கூடவே சாப்பிடுறதுக்கு முன்னாடி பசிக்குப் பத்துக்கு எத்தனைன்னு ஒரு மார்க் போடுங்க. எடை ரெண்டுலயும் ஒரே மாதிரி போச்சுன்னா, போகணும், அப்புறம் பசி மார்க்கை வச்சு முடிவு பண்ணுங்க. ஆறு வேளைல எடை ஏறுச்சுன்னா டப்பாவைத் தராசுல வச்சுப் பாருங்க.

எனக்கு மூணு வேளைல நாள் சராசரி பசி மார்க் 4, ஆறு வேளைல 6. இப்போ மூணு வேளைதான். என் தம்பிக்குத் தலைகீழ், அவனுக்கு மதியம் நாலு மணிக்கு ஒரு கை ஏதாவது தின்னாத்தான் ராத்திரி தட்டுல பாய மாட்டான், அவன் நாலு வேளை. டிரெய்னர் கொடுத்த அந்தத் தாளை அவன் கேட்டான், கொடுத்துட்டேன், "52 கிராம்"னு பேனால எழுதி சுத்தி வட்டம் போட்டு.